காணாமல் போன பத்தி

நான்கைந்து பேர் சேர்ந்து எழுதும் கூகுள் டாக்ஸ் ஆவணத்தில் ஒரு பத்தி திடீரென்று இல்லாமல் போனால், குழுவில் இரண்டு விதமான ஆட்கள் தலைதூக்குவார்கள். ஒருவர், “போச்சு, திரும்ப எழுத வேண்டியதுதான்” என்பார். இன்னொருவர் கொஞ்சம் விவரம் தெரிந்தவர். பழைய பதிப்பு எங்கேயோ சேமித்திருக்கும் என்று கேள்விப்பட்டிருப்பார். தேடிப் பிடித்து, கண்ணில் பட்ட Restore பொத்தானை அழுத்திவிடுவார். முதலாமவரால் ஒரு பத்திதான் நஷ்டம். இரண்டாமவரால் வரும் குழப்பம் பெரியது, ஏனென்றால் அந்தப் பொத்தான் பத்தியை மட்டும் மீட்பதில்லை. ஆவணம் முழுவதையும் அன்றைய நிலைக்குத் திருப்பிவிடுகிறது.

நமக்கு வேண்டியது ஒரு பத்தி. அது கடைசியாக எந்தப் பதிப்பில் ஒழுங்காக இருந்தது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து நகலெடுத்து, இன்றைய ஆவணத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் அந்தக் “கடைசியாக எப்போது” என்ற கேள்வியில் நிறைய வழுக்கல் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன், பத்தி உண்மையிலேயே அழிந்ததா என்று பார்த்துவிட வேண்டும். நீங்களே இப்போதுதான் அழித்தீர்கள் என்றால் Ctrl+Z போதும். ஆனால் அந்த வசதி உங்கள் கையால் நடந்ததை மட்டுமே திருப்பும், மற்றவர் அழித்ததை உங்கள் கணினியிலிருந்து அப்படித் திருப்ப முடியாது. பக்கத்தை மூடித் திறந்துவிட்டாலும் அந்த வாய்ப்பு போய்விடும். அடுத்தது தேடல். காணாமல் போனதாக நினைக்கும் பத்தி பல சமயம் ஆவணத்தின் வேறொரு மூலையில் உட்கார்ந்திருக்கும். யாராவது வெட்டி வேறு தலைப்பின் கீழ் ஒட்டியிருப்பார்கள். 2024-இல் கூகுள் டாக்ஸில் டேப் வசதி வந்ததிலிருந்து, ஒரே ஆவணத்துக்குள் தனித்தனிப் பக்கங்களாகப் பிரித்து வைக்கும் பழக்கமும் வந்துவிட்டது. இடது பக்கம் வேறு டேப் இருக்கிறதா என்று பார்த்து, அதற்குள்ளும் போய்த் தேட வேண்டும்.

தமிழில் தேடும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. “கௌரவத் தலைவர்” என்பதில் முதல் எழுத்தைச் சிலர் ஒளகாரக் குறியோடு சரியாகத் தட்டுவார்கள். சிலர் கெ என்று தட்டி, பக்கத்தில் ள என்று சேர்ப்பார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துகள், ஆகவே ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ஒற்று இன்னொரு தொல்லை. நீங்கள் “லாரித் தண்ணீர்” என்று தேடுவீர்கள், மெய்ப்புப் பார்த்தவர் அதை “லாரி தண்ணீர்” என்று மாற்றியிருப்பார். அதனால் நீண்ட சொற்றொடரைத் தேடாமல், பத்தியில் வந்த ஒரு எண்ணையோ தொகையையோ தேடுவது நல்லது. எண்களுக்குச் சந்தி கிடையாது.

தேடியும் இல்லையென்றால் பத்தி அழிந்தது உண்மை. ஆனால் அழிந்தது திரையில்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், கூகுள் டாக்ஸ் ஆவணத்தை வைத்திருக்கும் முறையே வேறு.

கூகுள் 2006-இல் ரைட்லி என்ற இணைய எழுதுகருவியை வாங்கியதுதான் டாக்ஸின் தொடக்கம். 2010-இல் அதன் உள்கட்டமைப்பை அடியோடு மாற்றி எழுதினார்கள். அதிலிருந்து ஆவணம் என்பது ஒரு முழுப் பக்கமாகச் சேமிக்கப்படுவதில்லை, செயல்களின் வரிசையாகச் சேமிக்கப்படுகிறது. இந்த இடத்தில் இந்த எழுத்தைச் சேர், இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை நீக்கு, இந்தச் சொல்லைத் தடிமனாக்கு என்று ஒவ்வொன்றும் வந்த வரிசையில், செய்தவர் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகிறது. மளிகைக் கடையின் நாள்வழிப் பேரேடு மாதிரிதான். கடைசியில் நிற்கும் இருப்பு நாம் திரையில் பார்க்கும் ஆவணம், அதற்குப் பின்னால் வரவும் பற்றும் வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு பத்தியை அழித்தால் முன்பு எழுதிய வரவு கிழிக்கப்படுவதில்லை, “இது நீக்கப்பட்டது” என்று புதிதாக ஒரு பற்று வரி சேருகிறது.

ஜேம்ஸ் சோமர்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர், நிரலும் எழுதத் தெரிந்தவர், 2014-இல் இந்தப் பதிவேட்டைப் பிரித்துப் படித்து, ஒரு ஆவணம் எழுத்தெழுத்தாக உருவானதைத் திரைப்படம் போல ஓட்டிக் காட்டும் டிராஃப்ட்பேக் என்ற கருவியைச் செய்தார். தட்டியது, அழித்தது, மறுபடி தட்டியது எல்லாம் அதில் ஓடும். டாக்ஸ் நமக்கு நேரடியாகக் காட்டுவது அவ்வளவு நுணுக்கமாக இருக்காது. அருகருகே நடந்த மாற்றங்களை ஒரு கட்டாகச் சேர்த்து, கட்டுக்கு ஒரு வரியாகப் பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலுக்குப் பெயர்தான் வெர்ஷன் ஹிஸ்டரி.

அதைத் திறக்க File பட்டியலில் Version history, அதற்குள் See version history. விசைப்பலகையில் Ctrl+Alt+Shift+H. இதைக் கணினியில் உட்கார்ந்து செய்யுங்கள், கைபேசித் திரையில் முயன்று கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். திறந்ததும் வலது பக்கத்தில் தேதிகளும் நேரங்களும் வரிசையாக வரும், ஒவ்வொன்றின் அடியிலும் அந்தக் கட்டில் கைவைத்தவர்களின் பெயர்கள், ஆளுக்கொரு நிறத்தில். இந்த வரிசை உங்களுக்குத் தெரியவே இல்லையென்றால், ஆவணத்தைத் திருத்தும் உரிமை உங்களிடம் இல்லை என்று பொருள். படிக்க மட்டும் அனுமதி உள்ளவருக்கும், கருத்துரை எழுத மட்டும் அனுமதி உள்ளவருக்கும் வரலாறு திறக்காது. திருத்தும் உரிமை உள்ள ஒருவரைப் பிடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டியதுதான். சிலர் தங்களுக்கென்று ஒரு நகல் எடுத்து அதில் தேடுவார்கள். வீண் வேலை. நகல் புதிய ஆவணம், அதன் வரலாறு அது பிறந்த நிமிடத்திலிருந்துதான் தொடங்கும்.

பட்டியலில் ஒரு வரியைத் தட்டினால், அந்தக் கட்டு முடிந்தபோது ஆவணம் எப்படி இருந்ததோ அப்படித் திரையில் வரும். மாற்றங்களைக் காட்டும் தேர்வுப்பெட்டி பட்டியலின் அடியில் இருக்கிறது. அது போடப்பட்டிருந்தால், முந்தைய கட்டுக்கும் இதற்கும் இடையில் சேர்ந்தவை நிறத்திலும், நீங்கியவை அதே நிறத்தில் குறுக்குக்கோடு போட்டும் தெரியும். அழிந்த பத்தி கோடு விழுந்த நிலையில் தெரியும் கட்டுதான் அது அழிந்த கட்டு. அதற்கு முந்தைய கட்டில் அது கோடில்லாமல் நிற்கும்.

இனி ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் பார்க்கலாம். சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, 48 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். சங்கத்தின் விதிமுறைகளைப் புதுப்பித்து எழுதுகிறார்கள், செயற்குழுவில் ஆறு பேருக்குத் திருத்தும் உரிமை. மார்ச் 9 பொதுக்குழுவில் ஒவ்வொரு விதியாகப் படித்து ஒப்புதல் வாங்கியாகிவிட்டது. ஜூன் 20 அன்று அச்சுக்குக் கொடுக்கப் போகும்போது ஒருவர் கவனிக்கிறார், லாரித் தண்ணீர் விதியைக் காணவில்லை. கோடையில் வாங்கும் தண்ணீரின் செலவை வீட்டின் பரப்பளவை வைத்துப் பிரிக்காமல் வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட வேண்டும், கணக்குப் போட்டு அறிவித்த 7 நாளுக்குள் கட்ட வேண்டும் என்பது விதி. சின்ன வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்காத விதி அது. எனவே பத்தி எங்கே என்ற கேள்வி, அழித்தது யார் என்ற கேள்வியாக அரை மணி நேரத்தில் மாறிவிடுகிறது.

வரலாற்றைத் திறந்தால் மார்ச் 9-க்கும் ஜூன் 20-க்கும் இடையில் 41 வரிகள். எந்தச் சொல் எந்தப் பதிப்பில் இருந்தது என்று எல்லாப் பதிப்புகளிலும் ஒருசேரத் தேடும் வசதி டாக்ஸில் கிடையாது. மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது. பத்துப் பதினைந்து பார்ப்பதற்குள் கண் சலித்து, பத்தியைப் பார்த்தும் பார்க்காமல் தாண்டிவிடுவார்கள். பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போவதே சரியான வழி. மார்ச் 9-இல் பத்தி இருந்தது, சபையில் படித்திருக்கிறார்கள். ஜூன் 20-இல் இல்லை. நடுவில் உள்ள ஒரு வரியை, ஏப்ரல் கடைசியைத் திறக்கிறார்கள். இருக்கிறது. அப்படியானால் அதற்கு முந்தைய இருபது வரிகளைத் தொடவே வேண்டாம். மிச்சத்தின் நடுவில், மே 25. இல்லை. இரண்டுக்கும் நடுவில், மே 10. இருக்கிறது. இப்படியே போனால் 41 வரிகளுக்கு ஆறு தடவை திறந்து பார்த்தால் போதும். நாற்பது நானூறாக இருந்தாலும் ஒன்பது தடவைக்கு மேல் ஆகாது.

இந்த முறைக்கு இரண்டு முனைகளும் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். “பிப்ரவரியில் இருந்த ஞாபகம்” என்பது முனை ஆகாது. அந்தப் பதிப்பைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வெட்டத் தொடங்க வேண்டும். கூட்டம் நடந்த நாள், மின்னஞ்சலில் பிடிஎஃப் அனுப்பிய நாள், வாட்ஸ்அப்பில் யாரோ ஸ்கிரீன்ஷாட் போட்ட நாள் போன்றவை நல்ல முனைகள்.

வெட்டி வெட்டி வந்து நின்ற இடம் மே 17, இரவு 9:38 என்ற வரி. அதன் அடியில் இரண்டு பெயர்கள், செயலாளரும் பொருளாளரும். திரையில் ‘பொது விதிகள்’ என்ற பகுதியில் தண்ணீர்ப் பத்தி கோடு போட்டு நிற்கிறது. கோட்டின் நிறம் செயலாளருடையது. கூடி நின்று பார்த்தவர்களில் பாதிப் பேர் அந்த நொடியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

அங்கேதான் நிறுத்த வேண்டும். திரையில் தெரிவது கட்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். நடுவில் சேர்ந்து நடுவிலேயே நீங்கியது எதுவும் அதில் வராது. அந்த வரியின் இடது ஓரத்தில் சிறிய அம்புக்குறி ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் கட்டு பிரிந்து உள்வரிகள் விரியும். நம் எடுத்துக்காட்டில் மூன்று உள்வரிகள்.

முதலாவது 9:04. செயலாளர் பத்தியைப் பொது விதிகளிலிருந்து வெட்டி, ‘நிதி’ என்ற பகுதியில் ஒட்டியிருக்கிறார். பழைய இடத்தில் கோடு, புதிய இடத்தில் அதே வாசகம் அவருடைய நிறத்தில். தண்ணீர்ச் செலவு நிதிப் பகுதியில்தான் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தது நியாயமே. இரண்டாவது 9:11. புதிய இடத்தில் 7 என்பதில் கோடு, பக்கத்தில் 10. கட்டுவதற்கு மூன்று நாள் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது 9:26. இப்போது நிதிப் பகுதி முழுவதும் கோடு, பொருளாளரின் நிறத்தில். அதன் கீழே முழு நிதிப் பகுதியும் புதிதாக, அதுவும் அவர் நிறத்தில். பொருளாளர் பிப்ரவரியிலேயே ஆவணத்தை வேர்ட் கோப்பாக இறக்கி, தன் கணினியில் கட்டண அட்டவணையைச் சரிசெய்து வைத்திருந்தார். மே 17 இரவு அந்தப் பகுதியை அப்படியே கொண்டுவந்து பழையதன் மேல் ஒட்டினார். அவருடைய கோப்பில் நிதிப் பகுதியில் தண்ணீர்ப் பத்தி கிடையாது. எப்படி இருக்கும், அது அங்கே வந்து 22 நிமிடம்தானே ஆகிறது.

ஆக, செயலாளர் அழிக்கவில்லை, இடம் மாற்றினார். பொருளாளர் அழித்தார், ஆனால் அப்படி ஒரு பத்தி அங்கே வந்தது அவருக்குத் தெரியாது. கூட்டாக எழுதும் ஆவணங்களில் பத்திகள் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான் என்பது என் கணிப்பு. வேண்டுமென்று ஒரு பத்தியைக் குறிவைத்து அழிப்பவர்கள் குறைவு. வெளியே எடுத்துப்போய்த் திருத்திவிட்டு ஒரு பகுதியை மொத்தமாகத் திருப்பி ஒட்டுபவர்களும், குவிந்து கிடக்கும் பரிந்துரைகளைப் படிக்காமல் ஒரேயடியாக ஏற்றுக்கொள்பவர்களும்தான் அதிகம்.

இப்போது எந்தப் பத்தியை மீட்பது? கடைசியாக உயிரோடு இருந்தது 9:11-இல் உள்ளது, அதில் 10 நாள். பொதுக்குழு ஒப்புக்கொண்டது மார்ச் 9-இல் உள்ளது, அதில் 7 நாள். விதிமுறை ஆவணம் என்பதால் சபை ஒப்பிய வாசகம்தான் செல்லும், மார்ச் 9 பதிப்பிலிருந்தே எடுக்க வேண்டும். இதுவே ஒரு மலருக்கான கட்டுரையாகவோ திட்ட அறிக்கையாகவோ இருந்தால் கடைசியாகச் செப்பனிட்ட வாசகம்தான் வேண்டியிருக்கும், 9:11-இலிருந்து எடுப்போம். வெர்ஷன் ஹிஸ்டரியால் இந்த முடிவை எடுத்துக்கொடுக்க முடியாது. எதையாவது ஒன்றைக் கண்டதும் ஒட்டிவிட்டால், யாரும் கவனிக்காத ஒரு 10 அச்சில் ஏறிவிடும்.

எடுக்கும் விதம் எளிது. வேண்டிய பதிப்பைத் திறந்து, மாற்றங்களைக் காட்டும் பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும், நிறமும் கோடும் மறைந்து வாசகம் மட்டும் நிற்கும். பத்தியை இழுத்துத் தேர்ந்தெடுத்து Ctrl+C. இடது மேல் மூலையில் உள்ள அம்புக்குறியை அழுத்தி இன்றைய ஆவணத்துக்குத் திரும்பி, உரிய இடத்தில் Ctrl+Shift+V என்று ஒட்டினால், பழைய எழுத்துருவும் அளவும் தொற்றிக்கொள்ளாமல் சுற்றியுள்ள வாசகத்தின் வடிவிலேயே வந்து உட்காரும். தடிமன், இணைப்பு போன்றவை பத்தியில் இருந்து அவையும் வேண்டுமென்றால் வெறும் Ctrl+V. கருத்துரைகள் இப்படிக் கூட வராது. விதி எண்கள் மாறியிருக்குமே, “மேலே 14-ஆம் விதியில் கூறியபடி” என்பது இன்று 16 ஆகியிருக்கலாம், அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

Restore this version என்ற பொத்தானை அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மே 17-க்குப் பிறகு ஐந்து வாரம் நடந்த திருத்தங்கள் எல்லாம் திரையிலிருந்து போயிருக்கும். அவை அழிவதில்லை என்பது உண்மை. மீட்பும் பேரேட்டில் இன்னொரு வரிதான், அதற்கு முந்தைய நிலை பட்டியலில் அப்படியே இருக்கும், அதை மறுபடி மீட்கலாம். சிக்கல் மனிதர்களால் வருகிறது. வேறு வீட்டில் அதே ஆவணத்தைத் திறந்து வைத்திருப்பவருக்குத் திடீரென்று பழைய வாசகம் தெரியும். அது பழையது என்று அவருக்குத் தெரியாது. நேற்று திருத்திய பிழை மறுபடி முளைத்திருக்கிறதே என்று திருத்தத் தொடங்குவார். இன்னொருவர் புதிதாக ஒரு விதி சேர்ப்பார். அரை நாள் கழித்து நீங்கள் விழித்துக்கொண்டு முன்னிருந்த நிலைக்குத் திருப்பினால், அந்த அரை நாள் வேலை இப்போது பின்னால் போய்விடும். ஒரு பத்தியைத் தேடப் போய் இரண்டு ஆவணங்களைக் கையால் பின்னிச் சேர்க்கும் வேலை வந்து சேரும். முழு ஆவணமே சிதைந்துபோய், அதன் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அந்தப் பொத்தானுக்குப் போகலாம். பழைய பதிப்பை முழுதாக வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், அந்த வரியின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி Make a copy என்று தனி நகலாக எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் தொந்தரவு இல்லை.

கையை விரிக்க வேண்டிய இடங்களும் உண்டு. இணைப்பு வைத்திருக்கும் யாரும் திருத்தலாம் என்று ஆவணத்தைத் திறந்துவிட்டிருந்தால், கணக்கில் நுழையாமல் வந்தவர்களின் மாற்றங்கள் பெயரில்லாதவர் என்ற ஒரே தலைப்பில் விழும். பத்தி கிடைக்கும், ஆள் கிடைக்கமாட்டார். அடுத்து, இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பழைய பதிப்புகள் சில சமயம் ஒன்றோடொன்று சேர்க்கப்படலாம் என்று கூகுளின் உதவிப் பக்கமே சொல்கிறது. பல ஆண்டுப் பழைய ஆவணத்தில், நம் மே 17 போல நிமிடக் கணக்கில் பிரித்துப் பார்க்கக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஒரே கட்டுக்குள் எழுதி அதற்குள்ளேயே அழித்த பத்தி அப்படிச் சேர்ந்துபோனால், பட்டியல் வழியாக அதை எட்டுவது கடினம்.

இன்னொன்று, இதெல்லாம் டாக்ஸ் வடிவிலேயே உள்ள ஆவணத்துக்குத்தான். டிரைவில் ஏற்றி வைத்த வேர்ட் அல்லது பிடிஎஃப் கோப்பின் மேல் புதிய கோப்பை ஏற்றி மாற்றும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. பழைய கோப்பு 30 நாளுக்குப் பிறகோ, அதன் மேல் 100 புதிய பதிப்புகள் வந்த பிறகோ நீக்கப்படலாம். Manage versions என்ற இடத்தில் போய் நிரந்தரமாக வைத்திருக்கச் சொன்னால்தான் தங்கும். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் உள்ள வேர்ட் ஆவணங்களுக்கும் File, Info, Version History என்ற வழி உண்டு, ஆனால் சொந்தக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கடைசி 25 பதிப்புகள் வரைதான். அங்கே எந்த வரியில் என்ன மாறியது என்று கண்டுபிடிக்க, இரண்டு பதிப்புகளையும் கணினி வேர்டில் Review பகுதியில் உள்ள Compare வழியாக ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வரலாறு கைவிட்டால் கருத்துரைகள் கைகொடுக்கலாம். காணாமல் போன பத்தியின் மேல் எப்போதாவது யாராவது கருத்துரை எழுதியிருந்தால், பத்தி போனதும் அது ஓரத்திலிருந்து மறைந்துவிடும், ஆனால் எல்லாக் கருத்துரைகளையும் காட்டும் பட்டியலில் இருக்கும். கருத்துரை வந்ததும் மின்னஞ்சலில் அறிவிப்பு வந்திருக்கும், அதில் கருத்துரை ஒட்டியிருந்த வாசகமும் இருக்கும். ஒரு சொல்லின் மேல் ஒட்டியிருந்தால் ஒரு சொல்தான் கிடைக்கும், முழுப் பத்தியைத் தேர்ந்தெடுத்து எழுதியிருந்தால் பெரும்பகுதி கிடைக்கலாம். எப்படியானாலும் அந்த மின்னஞ்சலின் தேதி, பாதி பாதியாக வெட்டுவதற்கு ஒரு நல்ல முனை.

அந்தச் சங்கத்தார் மார்ச் 9 இரவே செய்திருக்கக்கூடிய ஒரு காரியம் உண்டு. Version history பட்டியலில் Name current version என்று ஒன்று இருக்கிறது. அதைத் தட்டி, “பொதுக்குழு ஒப்பியது” என்று பெயர் கொடுத்திருந்தால், 41 வரிகளுக்கு நடுவில் அது தனித்துத் தெரியும். பெயரிட்ட பதிப்புகளை மட்டும் காட்டு என்று வடிகட்டவும் செய்யலாம். ஓர் ஆவணத்துக்கு 40 பெயர்கள் வரை இடமுண்டு. தினமும் ஒன்று வைத்தால் தீர்ந்துவிடும், கூட்டம், ஒப்புதல், அச்சு என்று கட்டத்துக்கு ஒன்றாக வைத்தால் போதும்.

இதே வரலாறு மற்றவர்களுக்கும் திறந்திருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்த விலைப்பட்டியலை எடுத்து, பெயரையும் தொகையையும் மாற்றி, திருத்தும் உரிமையோடு அடுத்தவருக்கு அனுப்பினால், முதலாமவருக்கு என்ன விலை சொன்னீர்கள் என்பதை இரண்டாமவர் இரண்டே தட்டில் பார்த்துவிடலாம். விண்ணப்பக் கடிதம், வாடகை ஒப்பந்தம், வேலை மதிப்பீடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வெளியாருக்கு அனுப்புவதை File, Make a copy என்று நகலெடுத்து அந்த நகலை அனுப்புங்கள், அல்லது பிடிஎஃப் ஆக இறக்கி அனுப்புங்கள். பத்தியைத் தேடும்போது நமக்கு உதவாத அந்த நகல், இங்கே பழையதை எதுவும் கூட எடுத்துப்போகாது.